நூறு பிறந்தால் தொண்ணூற்றிரண்டு இரையாகும்: கடலின் மிதவைத் தாவரங்கள்

கேள்வி: கடலில் மிதக்கும் நுண்தாவரங்கள்தான் உலகின் ஆக்சிஜனில் பாதியைத் தருகின்றன, திமிங்கிலம் வரை எல்லாம் அவற்றை நம்பித்தான் வாழ்கின்றன என்று படித்தேன். கண்ணுக்கே தெரியாத உயிர் இவ்வளவு பெரிய கடலுக்கு எப்படிச் சோறு போடுகிறது? அவை பெருகுவது நல்லது என்றால், பாசி பெருகிய இடத்தில் ஏன் மீன்கள் செத்து மிதக்கின்றன?

பதில்:

எந்த நேரத்தில் அள்ளிப் பார்த்தாலும் கடலில் மிதவைத் தாவரங்கள் கொஞ்சமாகத்தான் இருக்கும். உலகக் கடல்கள் அனைத்திலும் உள்ளவற்றைச் சேர்த்தால் அவற்றின் உடலில் இருக்கும் கார்பன் ஏறத்தாழ 100 கோடி டன். நிலத்துத் தாவரங்களில் இருப்பது சுமார் 45,000 கோடி டன். கையிருப்பை மட்டும் பார்ப்பவருக்குக் கடல் ஏறக்குறைய பாலைவனம்தான். ஆனால் ஆண்டு முழுவதும் புதிதாக உருவாகும் கார்பனைக் கணக்கிட்டால் கடல் சுமார் 5,000 கோடி டன்னும், நிலம் அதைவிடச் சற்றே கூடுதலாகவும் தருகின்றன. இருப்பு 100 கோடி, ஆண்டு விளைச்சல் 5,000 கோடி. அப்படியென்றால் கடலின் தாவரத் தொகுதி முழுவதும் ஆண்டுக்கு 50 முறை, அதாவது வாரத்துக்கு ஒரு முறை, அழிந்து மறுபடி உருவாகிறது. மரம் தன் விளைச்சலைத் தண்டாகவும் வேராகவும் பல ஆண்டுகள் சேர்த்து வைக்கும். ஒரே செல்லான மிதவைத் தாவரத்துக்குத் தண்டும் இல்லை, வேரும் இல்லை. உடல் முழுவதும் பச்சையம், புரதம், கொழுப்பு. விழுங்குபவருக்குக் கழிவு என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது. அதனால் அது விளைந்த வேகத்திலேயே தின்னப்படுகிறது.

சோறு, ஆக்சிஜன், மீன் சாவு என்று நீங்கள் எழுப்பிய மூன்றுக்கும் விடை இந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது: எவ்வளவு பிறக்கிறது, அதில் எவ்வளவு உடனே தின்னப்படுகிறது, மீதி எங்கே போகிறது. இதைப் பார்க்க மிகச் சிறந்த இடம் வட அட்லாண்டிக் கடலின் வசந்தகாலப் பெருக்கு. ஏப்ரல், மே மாதங்களில் செயற்கைக்கோள் படங்களில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடல் பச்சையாக மாறுவது தெளிவாகத் தெரியும்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வசந்தத்தில் ஒரு செல் நாளுக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் தின்னவில்லை என்றால் 10 நாளில் அது 1,024 ஆகும். 30 நாளில் 107 கோடியைத் தாண்டும். உண்மையில் நடப்பது என்ன? பச்சையத்தின் அளவு லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராமில் இருந்து 3 மைக்ரோகிராம் ஆக, அதாவது பத்து மடங்காக, பல வாரங்கள் பிடிக்கின்றன. ஒரு மாதத்தில் பத்து மடங்கு என்றால் நாளொன்றுக்கு வெறும் 8 சதவீத வளர்ச்சி. காலையில் 100 செல்கள் இருந்தன, அவை பிரிந்து 200 ஆயின, மறுநாள் காலையில் எஞ்சியிருப்பவை 108. புதிதாகப் பிறந்த நூற்றில் 92 ஒரே நாளில் காணாமல் போயின. கண்ணைக் கவரும் அந்தப் பச்சைப் பரப்பு முழுவதும் மிச்சம் பிடித்த அந்த எட்டால் ஆனது. கடலின் உணவு வலையை நடத்துவது படத்தில் தெரியாத 92.

ஆகவே பெருக்கு என்பது தாவரம் வேகமாக வளரும் நிலை என்பதைவிட, தின்பவர்கள் சற்றே பின்தங்கிவிட்ட நிலை என்பதுதான் சரி. இந்த இடத்தில் கடலியலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1953-இல் நார்வேயின் ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப் ஒரு விளக்கம் தந்தார். குளிர்காலப் புயல்கள் கடல்நீரைச் சில நூறு மீட்டர் ஆழம் வரை கலக்குகின்றன. தாவரங்கள் அந்த நீரோடு சேர்ந்து இருட்டுக்குள் இழுக்கப்படுகின்றன. அங்கே சுவாசத்தில் இழப்பதை வெளிச்சத்தில் ஈட்ட முடிவதில்லை. வசந்தத்தில் மேல்நீர் சூடாகி லேசாகிவிடுகிறது, கலக்கத்தின் ஆழம் குறைகிறது, செல்கள் வெளிச்சத்திலேயே தங்கிவிடுகின்றன, பெருக்கு தொடங்குகிறது. அழகான விளக்கம். பாடப்புத்தகங்களில் இன்றும் இதுதான் இருக்கிறது.

2010-இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பேரன்ஃபெல்ட் பல ஆண்டுச் செயற்கைக்கோள் தரவுகளை எடுத்துக் கணக்கிட்டார். மேல்நீரின் ஒரு லிட்டரில் உள்ளதை விட்டுவிட்டு, கலக்கம் எட்டும் ஆழம் வரை உள்ள மொத்தத் தாவரத்தையும் கூட்டிப் பார்த்தபோது, அதன் ஏறுமுகம் நடுக்குளிர்காலத்திலேயே தொடங்கிவிட்டது தெரிந்தது. வெளிச்சம் மிகக் குறைந்த, கலக்கம் மிக ஆழமான நேரம் அது. காரணமாக அவர் சொன்னது இது: ஆழமான கலக்கம் தாவரத்தையும் அதைத் தின்னும் நுண்விலங்கையும் பெரும் நீரளவில் சிதறடிக்கிறது, இரண்டும் சந்திப்பது அரிதாகிறது, பிறப்பு மெதுவாக இருந்தாலும் இறப்பு அதைவிட மெதுவாகிவிடுகிறது. வசந்தத்தில் நீர் அடுக்குகளாகப் பிரிந்ததும் எல்லோரும் ஒரே மெல்லிய அடுக்குக்குள் நெருக்கப்படுகிறார்கள்; வளர்ச்சியும் பாய்கிறது, மேய்ச்சலும் பாய்கிறது. வாதம் இன்னும் முடியவில்லை. என் பார்வையில் வெளிச்சமும் மேய்ச்சலும் இரண்டுமே வேண்டும். இழப்பை ஒரு மாறாத எண்ணாக வைத்து எழுதப்பட்ட பழைய கணக்கு மட்டும் நிற்காது.

தின்பவர் யார் என்பதற்கு வருவோம். பலரும் உடனே இறால் போன்ற சிறு விலங்குகளைச் சொல்வார்கள். உண்மையில் மிதவைத் தாவரங்களின் அன்றாட விளைச்சலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத் தின்பவை இன்னும் சிறிய, ஒரே செல்லாலான நுண்விலங்குகள். அவற்றில் சில உடலைச் சுற்றி மயிர்போன்ற இழைகளை அசைத்து நீந்தும். சில ஒன்றிரண்டு சாட்டை இழைகளால் நீந்தும். இவையும் நாளுக்கு ஒரு முறை பிரிந்து பெருகக்கூடியவை. அதனால்தான் அவற்றால் தாவரங்களை விடாமல் துரத்திப் பிடிக்க முடிகிறது. ஆனால் சிலிக்காவால் ஆன கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் டயாட்டம்கள் பெரியவை, பல சங்கிலியாக இணைந்தும் இருக்கும், பெரும்பாலான நுண்விலங்குகளின் வாய்க்குள் அவை நுழையாது. அவற்றைத் தின்னக்கூடிய கோப்பிபாட் என்னும் ஓட்டுடலி ஒரு தலைமுறை பெருக வாரங்களோ மாதங்களோ ஆகும். இந்த இடைவெளியில்தான் டயாட்டம்கள் முந்துகின்றன. வசந்தப் பெருக்கில் அவை ஆதிக்கம் செலுத்துவது இதனால்தான்.

அந்தக் கோப்பிபாட்களில் ஒன்றை அருகில் போய்ப் பார்க்கலாம். கலானஸ் ஃபின்மார்கிகஸ் என்று பெயர், நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். குளிர்காலத்தை அது பல நூறு மீட்டர் ஆழத்தில், சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே, உணவின்றி உறக்க நிலையில் கழிக்கிறது. வசந்தத்தில் மேலே வந்து டயாட்டம்களைத் தின்று முட்டையிடுகிறது. கோடையில் வளர்ந்த குஞ்சின் கண்ணாடி போன்ற உடலுக்குள் ஒரு நீண்ட எண்ணெய்ப் பை தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் உடலின் பெரும்பகுதியை அந்தப் பையே அடைத்திருக்கும். அந்த எண்ணெய்தான் அடுத்த குளிர்காலத்துக்கான சேமிப்பு. ஹெர்ரிங் மீனும் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலமும் தேடி வருவது அந்த எண்ணெயைத்தான். வாயைத் திறந்தபடி மெதுவாக நீந்தும் திமிங்கிலம் கோப்பிபாட்கள் அடர்ந்து திரண்ட இடங்களையே நாடும், சிதறிக் கிடப்பவற்றை வடிகட்டினால் நீந்தும் செலவுகூட மிஞ்சாது.

இங்கே சங்கிலியின் நீளம் முக்கியம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது சராசரியாகப் பத்தில் ஒரு பங்குதான் உடலாக மாறுகிறது, மீதி சுவாசத்திலும் கழிவிலும் போகிறது. 1,000 கிலோ டயாட்டம் 100 கிலோ கோப்பிபாட் ஆகிறது. அது 10 கிலோ ஹெர்ரிங் ஆகிறது. இதையே சத்துக் குறைந்த வெப்பமண்டல நடுக்கடலில் போட்டுப் பாருங்கள். அங்கே ஆட்சி செய்வது புரோகுளோரோகாக்கஸ் என்னும், ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா, ஒரு மைக்ரான்கூட இல்லாத அளவு, 1980-களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கோப்பிபாட்டால் பிடிக்க முடியாது. முதலில் சாட்டை இழை நுண்விலங்கு, பிறகு அதைத் தின்னும் பெரிய நுண்விலங்கு, பிறகு கோப்பிபாட், பிறகு மீன். அதே 1,000 கிலோவிலிருந்து மீனாக வருவது 100 கிராம். நுண்விலங்குகளின் செரிமானம் பத்துச் சதவீதத்தைவிடச் சற்று மேலானது என்பதால் உண்மை இவ்வளவு மோசமில்லை, ஆனாலும் வித்தியாசம் பெரியதுதான். உலகின் பெரிய மீன்பிடித் தளங்கள் பெரு நாட்டுக் கரை போல ஆழ்நீர் மேலெழும் இடங்களில் அமைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே தாவரம் பெரியது, சங்கிலி குட்டையானது.

அளவு போலவே நேரமும் தப்பக்கூடாது. மீன்குஞ்சு முட்டையிலிருந்து வரும்போது ஒட்டியிருக்கும் கரு மஞ்சள் சில நாட்களுக்குத்தான் காணும். அது தீர்வதற்குள் வாய்க்கு ஏற்ற இரை சுற்றிலும் இருக்க வேண்டும். கனடாவின் நோவா ஸ்கோஷியா கண்டத்திட்டில் ஹாடக் மீன்களை ஆராய்ந்தவர்கள் 2003-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: 1981, 1999 ஆகிய இரு ஆண்டுகளில் பிறந்த ஹாடக் குஞ்சுகள் வழக்கத்துக்கு மாறாகப் பெரும் எண்ணிக்கையில் பிழைத்திருந்தன, அந்த இரு ஆண்டுகளிலும் வசந்தப் பெருக்கு மிகவும் முன்கூட்டியே வந்திருந்தது. பெருக்கின் அளவு எவ்வளவு என்பதைவிட அது வந்த தேதிதான் அங்கே பேசியது.

இனி ஆக்சிஜன். இதற்கு 1927-இல் நார்வேயின் கார்டர், கிரான் இருவரும் விவரித்த இரு குப்பி முறையைத் தெரிந்துகொண்டால் குழப்பமே இருக்காது. ஐந்து மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த நீரைக் குமிழி இல்லாமல் மூன்று கண்ணாடிக் குப்பிகளில் நிரப்ப வேண்டும். முதல் குப்பியில் உடனே வேதிப்பொருள் சேர்த்து ஆக்சிஜனை நிலைநிறுத்திவிடுவார்கள். மாங்கனீஸ் உப்பும் காரம் கலந்த அயோடைடும் விட்டதும் பழுப்பாக ஒரு வண்டல் விழும். பிறகு அமிலம், அதன்பின் ஸ்டார்ச் சேர்த்த நீலம் மறையும் வரை தயோசல்பேட் சொட்டு சொட்டாக. இது விங்க்லர் 1888-இல் தந்த முறை. மற்ற இரண்டில் ஒன்றை வெளிச்சம் படும்படி விட்டு, இன்னொன்றைக் கருப்பு உறையிட்டு, அதே ஆழத்தில் ஒரு நாள் தொங்கவிடுவார்கள்.

எண்களை நானே போடுகிறேன். தொடக்கத்தில் லிட்டருக்கு 9.0 மில்லிகிராம். மறுநாள் வெளிச்சக் குப்பியில் 10.1, இருட்டுக் குப்பியில் 8.3. இருட்டில் குறைந்த 0.7 அந்த நீரிலுள்ள எல்லா உயிர்களும் சேர்ந்து சுவாசித்தது: பாக்டீரியா, நுண்விலங்கு, தாவரம் எல்லாம். வெளிச்சத்தில் கூடிய 1.1 அந்தச் சுவாசம் போக மிஞ்சியது. ஆகவே ஒளிச்சேர்க்கை உண்மையில் உருவாக்கியது 1.8. இது பெருக்கு ஏறும் காலத்துக் கணக்கு. அதே இடத்தில் கோடையின் கடைசியில் எடுத்தால் உருவாவது 0.6, சுவாசம் 0.5 என்று வரும், கைக்கு மிஞ்சுவது 0.1. இந்த முறைக்கு ஒரு குறை உண்டு: குப்பிச் சுவரில் பாக்டீரியா படிந்து பெருகும், பெரிய மேய்ச்சல் விலங்குகள் உள்ளே சிக்குவதும் சிக்காததும் தற்செயல். ஒரு நாளுக்கு மேல் வைத்த குப்பியின் எண்ணை நான் நம்ப மாட்டேன்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற "பாதி ஆக்சிஜன்". பூமியில் ஓர் ஆண்டில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில் நடக்கிறது என்பது சரி. நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு இரண்டாவது மூச்சும் கடலிலிருந்து வந்தது என்று அதை நீட்டிச் சொல்வதுதான் தவறு. தாவரம் ஒரு பங்கு கார்பனை உடலாக்கும்போது அதற்கு ஈடான ஆக்சிஜனை வெளியிடுகிறது. அந்த உடலை யார் தின்றாலும், எந்தப் பாக்டீரியா அழுகவைத்தாலும், அதே அளவு ஆக்சிஜன் திரும்பச் செலவாகிறது. முன்னே சொன்ன 92 செல்களும் தாங்கள் தந்த ஆக்சிஜனைத் தங்களைத் தின்றவர்களின் மூச்சு வழியாகவே திருப்பிக் கட்டிவிடுகின்றன. உணவு வலைக்குச் சோறு போடுவதும் காற்றில் ஆக்சிஜன் சேர்ப்பதும் ஒரே செல்லால் ஒரே நேரத்தில் முடியாத காரியங்கள்.

காற்றில் நிகரமாகச் சேர்வது, யாருக்கும் இரையாகாமல் கடலடி வண்டலில் நிரந்தரமாகப் புதைந்துபோன தாவரப்பொருளுக்கு ஈடான ஆக்சிஜன் மட்டும்தான். அது கடல் விளைச்சலில் ஆயிரத்தில் சில பங்கு. ஆனால் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்தச் சில பங்கு கசிந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. நம் தலைக்கு மேலே உள்ள 21 சதவீதம் அப்படிச் சேர்ந்தது. அது எவ்வளவு பெரிய இருப்பு என்றால், இன்றே எல்லா ஒளிச்சேர்க்கையும் நின்று, உலகில் உள்ள உயிர்ப்பொருள், மண்ணில் மக்கியது எல்லாம் எரிந்து தீர்ந்தால்கூட, காற்றின் ஆக்சிஜனில் ஒரு சதவீதப் பங்குகூடக் குறையாது. மூச்சுத் திணறுவதற்கு வெகுகாலம் முன்பே பட்டினியால் எல்லாம் முடிந்திருக்கும். மிதவைத் தாவரம் குறைவதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் கவலைப்பட வேண்டியது மீனைப் பற்றி.

காற்றுக்கு இது பொருந்தும், நீருக்குப் பொருந்தாது. நீரில் ஆக்சிஜன் இருப்பு மிகச் சிறியது. அதனால்தான் பாசி பெருகினால் மீன் சாகும் கதை வருகிறது.

வட அட்லாண்டிக் பெருக்கு எப்படி முடிகிறது என்று பாருங்கள். டயாட்டம்கள் ஓடு கட்டத் தேவையான சிலிக்கேட்டை முதலில் தீர்த்துவிடுகின்றன. சத்து இல்லாமல் வாடிய செல்கள் பிசின்போல எதையோ சுரந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. தனிச் செல் நாளுக்கு ஒரு மீட்டர் இறங்கினால் அதிகம்; கட்டி நாளுக்கு நூறு மீட்டர்கூட இறங்கும். அயர்லாந்துக்குத் தென்மேற்கே ஆழ்கடலடியில் 1980-களின் தொடக்கத்தில் எடுத்த புகைப்படங்களில், மேலே பெருக்கு முடிந்த சில வாரங்களில் கீழே பசும்பழுப்பாக ஒரு படிவு விரிந்திருப்பது தெரிந்தது. ஆக்சிஜன் வெளியானது மேலே, அது செலவாவது கீழே. அட்லாண்டிக் போன்ற ஆழமான, குளிர்காலத்தில் நன்றாகக் கலங்கும் கடலில் இந்தக் கடன் பெரிய நீரளவில் பரவிப் போய்விடுகிறது.

ஆழம் குறைந்த கரையோரத்தில் அதற்கு இடமில்லை. மெக்சிகோ வளைகுடாவில் மிசிசிப்பி ஆறு வயல்களின் உர நைட்ரேட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஆற்றின் லேசான நன்னீர் உப்புநீரின் மேல் மூடிபோல் படிகிறது. மேலே பாசி பெருகுகிறது, செத்தது கீழே விழுகிறது, பாக்டீரியா அதைச் சிதைத்து அடிநீரின் ஆக்சிஜனை உறிஞ்சுகிறது, மேலிருந்து புதிய ஆக்சிஜன் இறங்க வழியில்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போன அந்த அடிநீரின் பரப்பு 2017 கோடையில் சுமார் 22,700 சதுர கிலோமீட்டராக இருந்தது. பாசி எதையும் கொல்லவில்லை. தின்ன ஆளில்லாமல் மிஞ்சிப்போன பாசி, தவறான இடத்தில் தின்னப்பட்டது.

மீன் செத்து மிதக்கும் எல்லா இடத்திலும் இதே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். பிரித்தறிய ஒரு நாள் முழுக்க, மேல்நீரிலும் அடிநீரிலும், ஆக்சிஜனை அளக்க வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை அளந்துவிட்டு "ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது" என்று எழுதிப் போவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. பெருக்கு நடக்கும் நீரில் பிற்பகலில் ஆக்சிஜன் நிறைநிலையையும் தாண்டி 150 சதவீதம்கூடக் காட்டும். அதே நீரில் இரவு முழுதும் எல்லோரும் சுவாசித்த பிறகு விடியலுக்குச் சற்று முன் அது அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். மீன்கள் அந்த நேரத்தில் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பகலில் உச்சமும் விடியலில் பள்ளமும் இருந்தால் பாசியும் அதோடு வாழ்வனவும் இரவில் சுவாசித்ததுதான் காரணம். மேல்நீர் நன்றாக இருந்து அடிநீர் மட்டும் இரவு பகலாகத் தாழ்ந்தே கிடந்தால் மெக்சிகோ வளைகுடாவின் கதை; அங்கே முதலில் சாவது நண்டு, சிப்பி, தரைமீன்கள். இரண்டு இடத்திலும் ஆக்சிஜன் நன்றாகவே இருந்து மீன் மட்டும் சாகிறது என்றால் நச்சைத் தேட வேண்டும். ஃபுளோரிடா கரையின் சிவப்பு அலைக்குக் காரணமான கரேனியா ப்ரெவிஸ் அப்படிப்பட்டது. செத்த மீனின் செவுளையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: கீட்டோசெரஸ் என்னும் டயாட்டத்தின் சில இனங்களுக்கு நஞ்சே கிடையாது, ஆனால் அவற்றின் முள் செவுளில் குத்தி, சளி சுரந்து அடைத்து, ஆக்சிஜன் நிறைந்த நீரிலேயே மீனை மூச்சடைத்துக் கொன்றுவிடும்.